பாக்கிப் பட்டியலில் 14 நெடுவரிசை, முதலாளி கேட்பது ஒரே கேள்வி

மீனா (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மதுரையில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். 62 சில்லறைக் கடைகளுக்குக் கடனில் சரக்குப் போகிறது. மாதக் கடைசியில் கணக்கு மென்பொருளிலிருந்து பாக்கிப் பட்டியலை எக்செல்லுக்கு எடுத்து முதலாளிக்குக் கொடுக்க வேண்டும்.

மொத்தம் 14 நெடுவரிசை வருகிறது. கடைப் பெயர், ஊர், லைன், போன், ஜி.எஸ்.டி. எண், துவக்க பாக்கி, மாத விற்பனை, வசூல், திரும்பி வந்த சரக்கு, முடிவு பாக்கி. அப்புறம் அந்த முடிவு பாக்கியே வயது வாரியாகப் பிரிந்து 30 நாள் வரை, 31–60, 61–90, 90க்கு மேல் என்று நான்கு. அச்சடித்தால் எழுத்து கடுகு மாதிரி ஆகிவிடுகிறது.

முதலாளி ஒவ்வொரு மாதமும் தாளைப் பார்த்துவிட்டு, "சரிம்மா, நாளைக்கு எந்தக் கடைக்கு ஆள் அனுப்பணும்?" என்று கேட்கிறார். பதில் அந்தத் தாளிலேயே இருக்கிறது, ஆனால் அவர் கண்ணில் படவில்லை. போன மாதம் முக்கியமான எண்களுக்கு மஞ்சள், பச்சை, ஆரஞ்சு என்று கையாலேயே நிறம் அடித்துக் கொடுத்தேன். அதற்கு அப்புறமும் அதே கேள்விதான். இதை எப்படி அமைக்கலாம்?

இளங்கோ

எளிது. எண்கள் இருக்கும் பகுதியைத் தேர்வு செய்து Home > Conditional Formatting > Color Scales போங்கள். அதில் Red - Yellow - Green என்பதைப் போட்டால் பெரிய தொகை சிவப்பாகவும் சின்னத் தொகை பச்சையாகவும் தானாகவே மாறும். கையால் நிறம் அடிக்கவே வேண்டாம். அடுத்த மாதம் எண் மாறினாலும் நிறம் கூடவே மாறும். எங்கள் அலுவலகத்தில் எல்லா அறிக்கையிலும் இப்படித்தான் செய்கிறோம்.

ராமசுப்பு

இளங்கோ தம்பி சொன்னதில் ஒரு பாதி ரொம்பச் சரி. நிறத்தைக் கையால் அடிக்கக் கூடாது, விதி போட்டு வரவைக்க வேண்டும். கையால் அடித்த நிறம் செல்லோடு தங்கிவிடும். அடுத்த மாத எண்களை மேலே ஒட்டும்போது போன மாத மஞ்சள் வேறு யாரோ ஒரு கடைக்காரர் பெயர் மேல் நிற்கும்.

ஆனால் இந்த வேலைக்கு Color Scale பொருந்தாது. அது எல்லாச் செல்லுக்கும் நிறம் கொடுக்கும். 62 கடை, நான்கைந்து எண் நெடுவரிசை என்றால் முந்நூறு செல்லும் ஏதோ ஒரு நிறத்தில் இருக்கும். கண் எங்கே நிற்கும்? இன்னொன்று, அது ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுத்தான் நிறம் கொடுக்கிறது. எல்லாக் கடையும் ஒழுங்காகப் பணம் கட்டிய மாதத்திலும் இருப்பதிலேயே பெரிய எண் சிவப்பாகத்தான் தெரியும்.

மீனாவிடம் ஒரு கேள்வி. முடிவு பாக்கியில் எந்தக் கடைக்குத் தொகை அதிகம்? அந்தக் கடைக்கு ஆள் அனுப்ப வேண்டுமா?

மீனா

ஒரு ஹோட்டலுக்கு 3,10,000. ஆனால் அது முழுக்க இந்த மாதச் சரக்கு. அவர்கள் 25 நாளுக்குள் கட்டிவிடுவார்கள், ஒருநாளும் தவறியதில்லை. எங்கள் நல்ல வாடிக்கை அவர்கள்தான்.

ராமசுப்பு

பாருங்கள், Color Scale போட்டால் உங்கள் நல்ல வாடிக்கைதான் அடர் சிவப்பில் நிற்கும். முதலாளியின் கேள்விக்கு முடிவு பாக்கி பதில் சொல்லவில்லை. 90 நாளுக்கு மேல் என்ற நெடுவரிசைதான் பதில் சொல்கிறது. அதனால் நிறம் அந்த ஒன்றை வைத்து மட்டும் வர வேண்டும்.

நெடுவரிசைகளைக் குறைப்பதற்கும் அந்தக் கேள்வியையே வைத்துப் பாருங்கள். ஜி.எஸ்.டி. எண் இல்லாவிட்டால் ஆள் அனுப்பும் முடிவு மாறுமா? மாறாது, எடுத்துவிடலாம். துவக்க பாக்கி, விற்பனை, வசூல், திரும்பிய சரக்கு நான்கும் முடிவு பாக்கிக்கு வந்து சேர்ந்த வழி. கணக்குச் சரிபார்க்க உங்களுக்கு வேண்டும், அவருக்கு வேண்டாம். கடை, ஊர், முடிவு பாக்கி, 90க்கு மேல் என்று நான்கு மிஞ்சும்.

ஒன்றைப் புதிதாகச் சேர்க்கவும் சொல்வேன். கடைசியாக அந்தக் கடையிலிருந்து பணம் வந்த தேதி. 90 நாளுக்கு மேல் 20,000 நிற்கிற இரண்டு கடையில் ஒருவர் போன வாரம் 5,000 கொடுத்திருக்கிறார், இன்னொருவர் நான்கு மாதமாக ஒன்றும் தரவில்லை என்றால் இரண்டும் ஒன்றல்லவே.

ஜெயந்தி டீச்சர்

எனக்கும் இதே பிரச்சினைதான். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் நெடுவரிசை அகலம் குறையவே மாட்டேன் என்கிறது. குறைத்தால் எண்ணுக்குப் பதில் ##### என்று வருகிறது. 35க்குக் கீழே எடுத்தவர்களுக்குச் சிவப்பு அடித்துத் தகவல் பலகையில் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

ராமசுப்பு

டீச்சர், மீனா கேட்பது அகலத்தைப் பற்றி இல்லை, எந்த நெடுவரிசை வேண்டும் எது வேண்டாம் என்பது. ஆனாலும் சொல்கிறேன். ##### வந்தால் எண் அந்த அகலத்துக்குள் அடங்கவில்லை என்று அர்த்தம், எண் அழியவில்லை. மேலே A, B என்று இருக்கும் நெடுவரிசை எழுத்துகளின் எல்லைக் கோட்டில் இரட்டைக் கிளிக் செய்தால் தேவையான அகலம் வந்துவிடும். தலைப்பு நீளமாக இருப்பதால் அகலம் கூடினால் தலைப்புக்கு மட்டும் Wrap Text போடுங்கள்.

தகவல் பலகையில் ஒட்டும் தாளில் குறைந்த மதிப்பெண்ணுக்குச் சிவப்பு வேண்டாம் என்பது என் எண்ணம். அந்த நிறம் உங்கள் மேசையில் இருக்கும் தாளுக்கு. யாருக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நீங்கள் பார்ப்பதற்கு.

மீனா

நன்றி சார். தேவையில்லாத நெடுவரிசைகளை Hide செய்துவிட்டேன். பார்க்கவே நிம்மதியாக இருக்கிறது. இந்தக் கோப்பை அப்படியே வசூலுக்குப் போகும் பையன்களின் வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

ஹமீது

அனுப்பாதீர்கள் அக்கா. நானும் மொத்த வியாபாரம்தான், திண்டுக்கல். மறைத்த நெடுவரிசையைப் போனிலேயே திறந்து பார்த்துவிடலாம். எங்கள் கடையில் விலைப் பட்டியலில் கொள்முதல் விலையை மறைத்து அனுப்பினோம். இரண்டு நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. PDF ஆக மாற்றி அனுப்புங்கள், மறைத்தது அதில் போகாது.

ராமசுப்பு

ஹமீது சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறைத்த பகுதியை நகலெடுத்து இன்னொரு ஷீட்டில் ஒட்டினால் மறைந்ததும் சேர்ந்தே வந்துவிடும். Alt + ; அழுத்தித் தெரிகிற செல்களை மட்டும் தேர்வு செய்த பிறகு நகலெடுக்க வேண்டும்.

இரண்டு ஷீட் வைத்துக்கொள்வது நல்லது. முதலாவதில் மென்பொருளிலிருந்து வந்தது முழுசாக இருக்கட்டும், Raw என்று பெயர் வையுங்கள். இரண்டாவதில் `=Raw!A2` மாதிரி எடுத்து ஐந்து நெடுவரிசை மட்டும். கடைசி வசூல் தேதியையும் Raw ஷீட்டிலேயே பதினைந்தாவதாகத் தட்டுங்கள், இரண்டாவதில் தட்டாதீர்கள். 90க்கு மேல் தொகை பெரிதிலிருந்து சிறிதாக வர Raw ஷீட்டைத்தான் வரிசைப்படுத்த வேண்டும். அப்போது இரண்டாவது ஷீட்டில் கடைப் பெயர்கள் இடம் மாறும், கையால் தட்டிய தேதி மாறாது. ஒரு கடையின் தேதி இன்னொரு கடைக்குப் போய்விடும், பார்த்தால் தெரியவும் செய்யாது.

நிறத்துக்கு, இரண்டாவது ஷீட்டில் A2 முதல் E63 வரை தேர்வு செய்து, Conditional Formatting > New Rule > Use a formula to determine which cells to format. அதில் இது:

```
=$D2>=10000
```

D என்பது 90க்கு மேல். $ குறி D முன்னால் மட்டும், 2 முன்னால் கூடாது. அப்போதுதான் ஒவ்வொரு கடையும் தன் வரிசையில் இருக்கும் D-யைப் பார்க்கும், வரிசை முழுவதும் நிறம் பெறும்.

மீனா

போட்டேன். எட்டுக் கடை மட்டும் மஞ்சளானது. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வரிசை மேலே தள்ளி இருக்கிறது. தலைப்பு வரிசைகூட மஞ்சள்!

ராமசுப்பு

A1-லிருந்து தேர்வு செய்துவிட்டீர்கள். சூத்திரத்தில் 2 என்று இருப்பதால் முதல் வரிசை இரண்டாவதைப் பார்த்து நிறம் மாறுகிறது, இரண்டாவது மூன்றாவதைப் பார்க்கிறது. Manage Rules திறந்து Applies to கட்டத்தில் `=$A$2:$E$63` என்று மாற்றுங்கள். மாற்றிய பிறகு சூத்திரத்தையும் ஒருமுறை திறந்து, இன்னும் `$D2` என்றுதான் இருக்கிறதா என்று பாருங்கள்.

தலைப்பு நிறம் மாறியதால் நல்லவேளை கண்ணில் பட்டது. பட்டியலின் நடுவில் மட்டும் இப்படித் தள்ளிப்போனால் பக்கத்துக் கடைக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்போம். எப்போது விதி போட்டாலும் நிறம் வந்த இரண்டு வரிசை, வராத இரண்டு வரிசை எடுத்து எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

மீனா

சரியாகிவிட்டது. எண்களில் 71200.00, 0.00 என்று பைசாவோடு வருவதை மாற்றி, லட்சத்துக்கு நம் ஊர் மாதிரி கமா வரவைக்க முடியுமா? எனக்கு 186,430 மாதிரிதான் வருகிறது.

இளங்கோ

விண்டோஸில் Region அமைப்பை English (India) என்று மாற்றினால் போதும். எக்செல் தானாகவே 1,86,430 என்று காட்டும்.

ராமசுப்பு

உங்கள் கணினியில் காட்டும். அதே கோப்பை அமைப்பு வேறாக உள்ள இன்னொரு கணினியில் திறந்தால் பழையபடி மூன்று மூன்றாகத்தான் பிரியும். கோப்போடு சேர்ந்து போக வேண்டும் என்றால் Format Cells > Custom போய் இதை ஒட்டுங்கள்:

```
[>=100000]##\,##\,##0;[=0]"-";#,##0
```

பைசா போய்விடும், பூஜ்யம் ஒரு சின்னக் கோடாக மாறும். 90க்கு மேல் நெடுவரிசையில் பெரும்பாலான கடைக்குப் பூஜ்யம்தான் இருக்கும். அந்த 0.00 எல்லாம் கோடானாலே மிச்சம் இருக்கும் எண்கள் நிறம் இல்லாமலேயே துலங்கும். இதில் குறை என்னவென்றால், மைனஸ் தொகை லட்சத்தைத் தாண்டினால் கமா சரியாக விழாது. கோடிக்கும் இது போதாது. உங்கள் கடை அளவுக்குப் போதும்.

சிலர் லட்சத்தில் காட்ட `0\.00,` போடுவார்கள், 12,34,567 என்பது 12.35 என்று தெரியும். முதலாளிக்கு மட்டும் காட்டும் மொத்தத்துக்கு அது சரி. வசூலுக்குப் போகிறவர் கையில் முழு ரூபாய் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைக்காரர் கணக்குப் பேசுவார்.

மீனா (மூன்று நாள் கழித்து)

ஒரு தப்பு நடந்துவிட்டது. எட்டுக் கடைப் பட்டியலை முதலாளியிடம் கொடுத்தேன், உடனே ஆள் அனுப்பினார். வாடிப்பட்டியில் ஒரு கடைக்காரர் கோபமாகப் போன் செய்தார். அவர் எங்களுக்குத் தர வேண்டியது ஒன்றும் இல்லை. நாங்கள்தான் அவருடைய முன்பணம் 36,000 வைத்திருக்கிறோம்! பட்டியலில் 36,000 பாக்கி என்று மஞ்சளில் இருக்கிறது. கணக்கு மென்பொருளில் பார்த்தால் சரியாக Cr என்றுதான் இருக்கிறது. எக்செல்லில் எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் எங்களிடம் இருபது வருடமாக வாங்குகிறவர். எனக்கு மனசே சரியில்லை.

ராமசுப்பு

மீனா, இதில் என் பங்கும் இருக்கிறது. எண் வடிவத்தை மாற்றச் சொன்ன நான் முதலில் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

மென்பொருளிலிருந்து வந்த கோப்பை மறுபடி புதிதாக எடுத்து, Cr என்று தெரியும் செல்லைக் கிளிக் செய்து மேலே சூத்திரப் பட்டையைப் பாருங்கள். அங்கே வெறும் 36000 இருந்தால் Cr என்பது செல்லுக்குள் எழுதப்படவில்லை, எண் வடிவத்தில் ஒட்டியிருக்கும் வால். மதிப்பு கடனுக்கும் முன்பணத்துக்கும் ஒரே மாதிரி பிளஸ். வடிவத்தை மாற்றியதும் வால் போய்விட்டது. சொல்லப்போனால் வடிவத்தை மாற்றாவிட்டாலும் நம் விதி 36000-ஐத்தான் பார்த்திருக்கும்.

மீனா

ஆமாம் சார், பட்டையில் வெறும் 36000தான் இருக்கிறது.

ராமசுப்பு

பற்றும் வரவும் தனித்தனி நெடுவரிசையாக எடுக்கும் வசதி மென்பொருளில் இருந்தால் அதுதான் சுத்தம். இல்லாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. அந்த நெடுவரிசையை நகலெடுத்து Notepad-இல் ஒட்டுங்கள். கண்ணுக்குத் தெரிகிறபடியே 36000.00 Cr என்று எழுத்தாக விழும். அதை எடுத்துக் காலியாக உள்ள இன்னொரு நெடுவரிசையில் ஒட்டி, பக்கத்தில் இதைப் போடுங்கள். எழுத்து P-யில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

```
=IF(RIGHT(P2,2)="Cr",-1,1)*SUBSTITUTE(LEFT(P2,LEN(P2)-3),",","")
```

Cr எல்லாம் மைனஸாகும். காலிச் செல்லில் #VALUE! வரும், அங்கே 0 தட்டிவிடுங்கள்.

மீனா

இப்போது 62 கடையும் மஞ்சள். பத்தாயிரத்துக்குக் கீழே இருப்பவையும் சேர்த்து.

இளங்கோ

இரண்டாவது ஷீட்டின் D, எழுத்து இருக்கும் P-யிலிருந்து எடுக்கிறதா என்று பாருங்கள். எக்செல்லில் எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எழுத்துதான் எப்போதும் பெரிது. "500.00 Dr" கூட 10000-ஐவிடப் பெரிதாகிவிடும். எனக்கு இது நடந்திருக்கிறது. எண்கள் செல்லின் இடது ஓரம் ஒட்டி நின்றால் அது எழுத்து என்று சந்தேகப்படலாம்.

மீனா

அதேதான் இளங்கோ, P-யிலிருந்து எடுத்திருந்தேன். Q-வுக்கு மாற்றியதும் ஏழு கடை மட்டும் மஞ்சள். வாடிப்பட்டிக் கடை -36,000 என்று பட்டியலின் அடியில் போய்விட்டது. அந்த ஏழும் இவை:

| ஊர் | 90 நாளுக்கு மேல் |
|---|---:|
| உசிலம்பட்டி | 71,200 |
| மேலூர் | 48,500 |
| திருமங்கலம் | 36,750 |
| மேலூர் | 29,400 |
| சோழவந்தான் | 21,300 |
| உசிலம்பட்டி | 17,850 |
| பேரையூர் | 13,600 |

கூட்டினால் 2,38,600. மற்ற எல்லாக் கடைகளின் 90 நாளுக்கு மேற்பட்ட பாக்கியும் சேர்ந்து 52,850தான்.

ராமசுப்பு

அப்படியானால் இந்த இரண்டு எண்ணையும் பட்டியலுக்கு மேலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள், "7 கடை 2,38,600, மற்றவை 52,850" என்று. மொத்தம் அடியில் இருந்தால் போனில் பார்ப்பவர் அதுவரை உருட்ட மாட்டார்.

அச்சுக்கு ஒன்று. உங்கள் கடையில் கருப்பு வெள்ளை லேசர் என்றால் வெளிர் மஞ்சள் தாளில் தெரியாமலே போகலாம். அதே விதியில் Font பகுதியில் Bold சேர்த்துவிடுங்கள். எழுத்தின் அளவை விதியால் மாற்ற முடியாது, தடித்த எழுத்தும் ஓரக் கோடும் நிறமும் முடியும். மற்ற கட்டக் கோடுகளை எல்லாம் எடுத்துவிட்டால் தடித்த ஏழு வரிசை தாளில் தனியாக நிற்கும்.

ஹமீது

எல்லாம் சரி அக்கா, ஆனால் ஒரு வியாபாரியாகச் சொல்கிறேன். 90 நாள் தாண்டிய பிறகு நிறம் அடித்து என்ன செய்ய? அந்தப் பணத்தில் பாதி வராது. நான் 61–90 நெடுவரிசையைத்தான் பார்ப்பேன். அங்கே இருக்கிற கடைக்கு இப்போது ஆள் போனால் வசூலாகும். நீங்கள் அதை வெட்டியே விட்டீர்கள்.

ராமசுப்பு

நியாயமான பேச்சு. ஆனால் இரண்டுக்கும் நிறம் கொடுத்தால் 7 என்பது 20 ஆகும். ஒரு நாளில் ஒரு ஆள் எத்தனை கடைக்குப் போக முடியும்? 61–90-ஐ எண்ணாக மட்டும் சேர்க்கலாம், நிறம் இல்லாமல்.

ஹமீது

நிறம் இல்லாவிட்டால் அதை யாரும் பார்க்க மாட்டார்கள். என் கணக்கில் நிறம் அதற்குத்தான், 90க்கு இல்லை.

இளங்கோ

எனக்குப் பத்தாயிரம் என்ற அளவே சரியாகப் படவில்லை. மாதம் 8,000-க்கு வாங்கும் சின்னக் கடையில் 9,000 பழைய பாக்கி நின்றால் அது ஆபத்து, நிறம் வராது. பெரிய கடையில் 12,000 நின்றால் ஒன்றுமில்லை, நிறம் வரும். மொத்த பாக்கியில் பாதிக்கு மேல் பழையது என்றால் நிறம் என்று விகிதம் வைக்கலாமே, `=$D2>$C2/2`?

ராமசுப்பு

விகிதம் மட்டும் வைத்தால் 400 ரூபாயில் 300 பழையது என்கிற கடைக்கும் நிறம் வரும். வண்டிக்குப் பெட்ரோல் போட்ட காசுகூடத் தேறாது. இன்னொன்று, அதில் > குறிதான் இருக்க வேண்டும். >= என்று போட்டுவிட்டால் பாக்கியே இல்லாத கடைக்கும் 0 >= 0 என்று நிறம் வந்துவிடும்.

மீனா

முதலாளியிடமே கேட்டேன். அவர் ஹமீது அண்ணன் பக்கம்! 61–90-ஐச் சேர்க்கச் சொல்லிவிட்டார். நிறத்தை எதற்கு வைப்பது என்று இன்னும் முடிவு சொல்லவில்லை. இந்த மாதம் 90-ஐ வைத்துத் தடித்த எழுத்தும் மஞ்சளும், 61–90க்கு நிறம் இல்லாமல் தடித்த எழுத்து மட்டும் வைத்துக் கொடுத்திருக்கிறேன். தாளை வாங்கிப் பார்த்தவர் இந்த முறை எந்தக் கடைக்கு என்று கேட்கவில்லை. "மேலூரில் ரெண்டு கடை இருக்கே, ஒரே ஆள் போயிட்டு வரலாமே" என்றார்.

வாடிப்பட்டிக்காரரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். மைனஸில் இருக்கும் கடைகளைப் பட்டியலில் வைப்பதா, தனித் தாளுக்கு மாற்றுவதா என்பதுதான் இப்போது பாக்கி. யாராவது அப்படி வைத்திருக்கிறீர்களா?